வாக்குச்சீட்டிலிருந்து மினிட்ஸ் வரை: ஸ்க்ருட்டினைசர் அறிக்கையின் எண்களைக் கொண்டுபோவது எப்படி

கம்பெனிகள் சட்டம் 2013, 109-ஆம் பிரிவின்படி பொதுக்கூட்டத்தில் போல் எனும் வாக்குச்சீட்டு வாக்கெடுப்பு நடந்துவிட்டது. பெட்டியை இரண்டு சாட்சிகள் முன் திறந்து எண்ணியும் முடித்தாயிற்று. இனி வாக்குகளைச் சரிபார்க்கும் ஸ்க்ருட்டினைசரின் அறிக்கையான எம்ஜிடி-13 படிவத்தை நிரப்ப வேண்டும். போல் நடந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் அது தலைவர் கைக்குப் போக வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஆர்ட்டிகிள்ஸைத் திருத்தும் சிறப்புத் தீர்மானத்துக்கு 14 சீட்டுகள், 60,000 வாக்குகள். ஆதரவு 43,500. எதிர்ப்பு 14,200. கையெழுத்தில்லாத ஒரு சீட்டின் 2,300 வாக்குகள் செல்லாதவை.

முதலில் செல்லாததைக் கழியுங்கள். சறுக்குவது இங்கேதான். 43,500-ஐ 60,000-ஆல் வகுத்தால் 72.5 சதவீதம், தீர்மானம் தோற்றதுபோல் தெரியும். ஆனால் படிவம் கேட்பது செல்லுபடியான வாக்குகளில் சதவீதம். 57,700-ஆல் வகுத்தால் 75.39, தீர்மானம் நிறைவேறியது. 114-ஆம் பிரிவில் சதவீதம் என்ற பேச்சே இல்லை. ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். 75 சதவீதம் என்பது அதிலிருந்து வருவது. அதனால் எக்செலில் சதவீதத்தை நம்பாமல் இதைப் போடுங்கள்:

```
=B2>=3*B3
```

B2-இல் ஆதரவு, B3-இல் எதிர்ப்பு. 74.996-ஐ எக்செல் 75.00 என்று காட்டலாம். இந்த வரி ஏமாறாது.

அடுத்தது உறுப்பினர் எண்ணிக்கைக் கட்டம். ஆதரவு 9, எதிர்ப்பு 5, செல்லாதது 1 என்று 14 சீட்டுக்கு 15 வருகிறதா? பதற வேண்டாம். போலில் ஒருவர் தன் வாக்குகளைப் பிரித்துப் போடலாம். 2,000 பங்கு உள்ளவர் 1,500-ஐ ஆதரவாகவும் 500-ஐ எதிராகவும் போட்டிருந்தால் இரண்டு கட்டத்திலும் வருவார். எண்ணிக்கையைத் திருத்தாமல் அடியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். அவர் 300 வாக்கைப் போடாமலே விட்டிருந்தால் அது செல்லாத வாக்கு ஆகாது. எந்தக் கட்டத்திலும் சேர்க்கக்கூடாது. பிராக்ஸி கொடுத்தவரே நேரில் வந்து வாக்களித்திருந்தால் பிராக்ஸியின் வாக்கை விட்டுவிட வேண்டும்.

அறிக்கையில் தலைவர் மேலொப்பம் இட்டு முடிவை அறிவித்த பிறகு மினிட்ஸ். "நிறைவேறியது" என்று மட்டும் எழுதினால் போதாது. எஸ்எஸ்-2 செயலகத் தரநிலை ஸ்க்ருட்டினைசரின் பெயரையும் மூன்று எண்களையும் கேட்கிறது. அறிக்கையைப் பார்த்து இப்படி எழுதலாம்:

"ஸ்க்ருட்டினைசர் திரு. ______ அளித்த அறிக்கையின்படி ஆதரவு 43,500, எதிர்ப்பு 14,200, செல்லாதவை 2,300. சிறப்புத் தீர்மானம் நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார்."

சதவீதத்தையும் சேர்ப்பதானால் "செல்லுபடியான வாக்குகளில்" என்ற சொற்களோடு சேருங்கள். அவை விடுபட்டால், படிப்பவர் மூன்று எண்களையும் கூட்டி 72.5 கண்டுபிடித்துக் கேள்வி எழுப்புவார்.

பலர் கேட்பது: அறிக்கை தாமதமானால் மினிட்ஸுக்கும் கூடுதல் நாள் உண்டா? இல்லை. மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுவதற்கான 30 நாள், கூட்டம் முடிந்த நாளிலிருந்தே ஓடுகிறது.