விலை 25% கூடினால் பாவனையை 25% குறைக்கலாமா?

கொட்டாஞ்சேனையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். சதவீதப் பாடத்தில் ஒரு கணக்கு வந்தால் வகுப்பில் பாதிப் பேர் ஒரே பிழையைச் செய்வார்கள். கணக்கு இதுதான்: சீனியின் விலை 25% கூடிவிட்டது, சீனிக்குச் செலவாகும் பணம் கூடக்கூடாது, பாவனையை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்?

"25 தானே சேர்" என்று முன்வரிசையிலிருந்து உடனே பதில் வரும்.

நான் எதுவும் சொல்வதில்லை. கணக்கில் இல்லாத விலையைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒரு வீட்டில் மாதம் 4 கிலோ சீனி. கிலோ 240 ரூபா என்று வைப்போம். செலவு 960 ரூபா. விலை 25% கூடினால் கிலோ 300 ரூபா. பாவனையை 25% குறைத்தால் 3 கிலோ வாங்கலாம், அதற்கு 900 ரூபா. அறுபது ரூபா மிஞ்சிவிட்டதே! செலவு அப்படியே இருக்க வேண்டும் என்றுதானே கேட்டார்கள். 960 ரூபாவை 300ஆல் வகுத்தால் 3.2 கிலோ. அதாவது 4 கிலோவில் 0.8 கிலோதான் குறைய வேண்டும், 20%.

பிழை எங்கே நுழைந்தது? விலை கூடிய 60 ரூபாவைப் பழைய விலையான 240உடன் ஒப்பிட்டால்தான் 25% வருகிறது. ஆனால் கடைக்குப் போகும்போது கையில் அதே 960 ரூபா, பலகையில் புதிய விலை. ஒவ்வொரு கிலோவுக்கும் கொடுக்கும் 300 ரூபாவில் 60 ரூபா விலையேற்றத்துக்குப் போய்விடுகிறது. 300இல் 60 என்பது ஐந்தில் ஒரு பங்கு. கூடிய தொகை ஒன்றேதான். முதல் தடவை 240இன் மேல் வைத்துப் பார்த்தோம், இரண்டாம் தடவை 300இன் மேல் வைத்துப் பார்க்கிறோம். அதனால்தான் குறைப்புச் சதவீதம் எப்போதும் விலை கூடிய சதவீதத்தைவிடச் சிறியதாக இருக்கும். குறைப்பு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ வந்தால், விடையை எழுதுமுன் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

இதை மனதில் பதிய வைக்க மண்ணெண்ணெய்தான் எனக்கு உதவுகிறது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. முகத்துவாரத்துப் பக்கம் படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை நான் நினைவூட்டத் தேவையில்லை. கூடியது 253 ரூபா. பழைய விலையில் அது ஏறத்தாழ 291%. 'கூடிய அளவுக்கே குறை' என்ற விதி சரியென்றால் பாவனையை 291% குறைக்க வேண்டும்! இருப்பதையெல்லாம் விட்டாலே 100% தானே? 253ஐ 340ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 74.4%. முன்பு 20 லீற்றர் வாங்கிய 1740 ரூபாவுக்கு அந்தப் புதிய விலையில் 5 லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. கணக்கு சரி, அதை வைத்துக் கடலுக்குப் போகலாமா என்பது வேறு விடயம்.

விலையே தராமல் சதவீதம் மட்டும் தந்தால் என்ன செய்வது? பழைய விலையை 100 என்று எடுத்தால் போதும். விலை r% கூடினால் புதிய விலை 100 + r. குறைக்க வேண்டியது:

```
r ÷ (100 + r) × 100
```

சூத்திரம் மறந்து போகும் பிள்ளைகளுக்கு நான் பின்னத்தில் சொல்லிக் கொடுப்பது இது: கூடியதைப் பின்னமாக எழுதி, தொகுதியைப் பகுதியோடு கூட்டிப் பகுதியில் வை, தொகுதியைத் தொடாதே. 1/4 கூடினால் 1/5 குறையும். 1/2 கூடினால் 1/3. 15% என்றால் 3/20, அது 3/23 ஆகும். பின்னத்தில் பழகிய பிள்ளை 25க்கு 25 என்று பிறகு எழுதியதை நான் பார்த்ததில்லை.

அடுத்த பிழை கொஞ்சம் நுணுக்கமானது, கெட்டிக்காரப் பிள்ளைகளும் விழுவார்கள். சீனி முதலில் 25% கூடி, அடுத்த மாதம் மீண்டும் 20% கூடுகிறது. சிலர் 25உம் 20உம் 45 என்று கூட்டி 45/145 என்று போடுவார்கள், 31% வரும். வேறு சிலர் சூத்திரத்தை இரண்டு தரம் சரியாகப் போட்டு, 20%ஐயும் 16⅔%ஐயும் எடுத்து, இரண்டையும் கூட்டி 36⅔% என்பார்கள். இரண்டும் பிழை. விலையைப் பின்தொடருங்கள்: 240, பிறகு 300, பிறகு 360. மொத்தத்தில் விலை ஒன்றரை மடங்கு, அதாவது 50% கூடியிருக்கிறது. குறைப்பு மூன்றில் ஒன்று. 4 கிலோவிலிருந்து 3.2 கிலோவுக்கு வந்தோம். அடுத்த 16⅔% அந்த 3.2 கிலோவில்தான் குறைகிறது, 4 கிலோவில் அல்ல. சதவீதங்களைக் கூட்டுவதற்கு முன் 'எதில் சதவீதம்?' என்று கேட்டால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

செலவைக் கொஞ்சம் கூட்டலாம் என்று கணக்கில் வந்தால் இன்னும் குழப்பம். விலை 25% கூடியது, வீட்டுக்காரர் 10% கூடுதலாகச் செலவழிக்கத் தயார். 25இலிருந்து 10ஐக் கழித்து 15% என்பார்கள், அல்லது 20இலிருந்து கழித்து 10% என்பார்கள். செலவு இப்போது 1056 ரூபா. அதை 300ஆல் வகுத்தால் 3.52 கிலோ, குறைப்பு 12%. கழிக்கும் வேலையே இங்கில்லை, 110ஐ 125ஆல் வகுக்கிற வேலைதான்.

அப்புறம், 'எவ்வளவு குறைக்க வேண்டும்' என்ற கேள்விக்கு 3.2 கிலோ என்று எழுதுபவர்கள் ஒரு பக்கம், 'இனி எவ்வளவு வாங்கலாம்' என்ற கேள்விக்கு 0.8 என்று எழுதுபவர்கள் ஒரு பக்கம். கேள்வியின் கடைசி வரியை மறுபடி வாசிப்பது தவிர இதற்கு மருந்து இல்லை.

வகுப்புக்கு வெளியே இந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாவிக்கவும் கூடாது. மின்சாரப் பட்டியலில் அலகுக்கான கட்டணத்தோடு நிலையான கட்டணமும் இருக்கிறது. கணக்கை எளிதாக்க, 100 அலகு, அலகுக்கு 20 ரூபா, நிலையான கட்டணம் 400, மொத்தம் 2400 ரூபா என்று வைப்போம். அலகு 25 ரூபாவானதும், நிலையான கட்டணம் 400ஆகவே இருந்தால், 80 அலகோடு நிறுத்தினால் போதும், அதே 20% குறைப்பு. நிலையான கட்டணமும் 600ஆகிவிட்டால்? அலகுகளுக்கு மிஞ்சுவது 1800 ரூபா, 72 அலகுதான். குறைப்பு 28% ஆகிவிட்டது. அலகு விலை கூடியது 25% தான், குறைப்போ அதைத் தாண்டிவிட்டது. நான் மேலே சொன்ன 'எப்போதும் சிறியது' என்ற விதி இங்கே உடைகிறது, ஏனென்றால் அது செலவு முழுவதும் விலையையும் அளவையும் பெருக்கி வருகிற இடத்துக்கு மட்டுமே உரியது. உண்மையான பட்டியலில் அலகுகள் படிப்படியாகப் பிரிந்து ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு விலை என்பதால், அங்கே சூத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கட்டண அட்டவணையை எடுத்துப் படிபடியாகக் கூட்டிப் பார்ப்பதுதான் வழி.