இரண்டு பேட்டரி, ஒரு லோடு: பொது மின்னழுத்தத்தை ஒரே வரியில் கண்டுபிடிப்பது எப்படி?

புதுப் பேட்டரியையும் பழைய பேட்டரியையும் பக்க இணைப்பில் போடாதீர்கள் என்று யுபிஎஸ் பழுதுபார்ப்பவர்கள் சொல்வதுண்டு. போட்டால் உள்ளே என்னதான் நடக்கும்? ஒரு காகிதமும் ஒரு சூத்திரமும் இருந்தால் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நம் சுற்றில் மூன்று கிளைகள். முதல் கிளையில் ஓரளவு நல்ல பேட்டரி: 12.6 வோல்ட், அகமின்தடை 0.05 ஓம். இரண்டாவதில் இறங்கிப்போன பழைய பேட்டரி: 12.0 வோல்ட், 0.1 ஓம். மூன்றாவதில் 1 ஓம் லோடு மட்டும். மூன்றின் மேல்முனைகளும் ஒரே புள்ளியில் சேர்கின்றன, கீழ்முனைகளும் அப்படியே. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் என்ன காட்டும் என்பதுதான் கேள்வி.

கல்லூரியில் இதை வளைய முறையில் போடச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இரண்டு வளையம், இரண்டு மாறி, இரண்டு சமன்பாடு. தவறில்லை, ஆனால் கிளை கூடக் கூடச் சமன்பாடும் கூடும். நமக்குத் தெரியாதது உண்மையில் ஒன்றே ஒன்றுதான்: மேல்புள்ளியின் மின்னழுத்தம் V. அதை மட்டும் பிடித்தால் போதும்.

மேல்புள்ளியில் கிர்க்காஃப் மின்னோட்ட விதியை எழுதுவோம். k-ஆம் கிளையின் பேட்டரி மின்னழுத்தம் Ek, தடை Rk என்றால், அதிலிருந்து அந்தப் புள்ளிக்கு வரும் மின்னோட்டம் (Ek − V)/Rk. புள்ளியில் மின்னூட்டம் தேங்கி நிற்காது, ஆகவே எல்லாக் கிளை மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம். V உள்ளவற்றை ஒரு பக்கம் தள்ளினால் இது கிடைக்கும்:

```
V = (E1/R1 + E2/R2 + E3/R3) / (1/R1 + 1/R2 + 1/R3)
```

இதற்கு மில்மன் தேற்றம் என்று பெயர். ஜேக்கப் மில்மன் 1940-இல் வெளியிட்ட கட்டுரை வழியாக இந்தப் பெயர் நிலைத்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இது வெறும் நிறையிட்ட சராசரி. ஒவ்வொரு பேட்டரியும் V-யைத் தன் மின்னழுத்தத்தை நோக்கி இழுக்கிறது, எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதை 1/R சொல்கிறது. அந்த 1/R-க்குக் கடத்துத்திறன் என்று பெயர், அலகு சீமென்ஸ்.

சரி, எண்களைப் போடுவோம். முதலில் கடத்துத்திறன்களை எழுதிக்கொள்ளுங்கள்: 1/0.05 = 20, 1/0.1 = 10, 1/1 = 1. லோடுக் கிளையில் பேட்டரி இல்லை, அதனால் அதன் E பூஜ்ஜியம்.

```
மேலே : 12.6×20 + 12.0×10 + 0×1 = 252 + 120 + 0 = 372
கீழே : 20 + 10 + 1 = 31
V    : 372 / 31 = 12.0
```

பொது மின்னழுத்தம் 12.0 வோல்ட். அப்புறம் ஒவ்வொரு கிளைக்கும் (E − V)/R போடுங்கள். நல்ல பேட்டரி (12.6 − 12.0)/0.05 = 12 ஆம்பியர் தருகிறது. லோடு 12/1 = 12 ஆம்பியர் எடுக்கிறது. பழைய பேட்டரியோ பூஜ்ஜியம்! இணைப்பில் இருக்கிறது, ஆனால் ஒரு வேலையும் செய்யவில்லை. கணக்கு தப்போ என்று சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் V அந்தப் பேட்டரியின் சொந்த மின்னழுத்தத்துக்குச் சமமாகிவிட்டால், மின்னோட்டத்தைத் தள்ள வித்தியாசமே மிச்சமில்லை.

இப்போது லோடின் சுவிட்சை அணைப்போம். அந்தக் கிளை திறந்துவிட்டது, ஆகவே மேலேயும் கீழேயும் அதை நீக்கிவிட வேண்டும். V = 372/30 = 12.4 வோல்ட். நல்ல பேட்டரியிலிருந்து (12.6 − 12.4)/0.05 = 4 ஆம்பியர் கிளம்புகிறது. பழையதற்கு (12.0 − 12.4)/0.1 = −4 ஆம்பியர். குறை குறி வந்தால் மின்னோட்டம் அந்தப் பேட்டரிக்குள்ளே போகிறது என்று பொருள். எந்த லோடும் இல்லாமலே ஒன்று மற்றொன்றைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கிறது. இரண்டின் மின்னழுத்தமும் நெருங்க நெருங்க இந்த 4 ஆம்பியர் குறையும். ஆனால் பழையது சார்ஜைத் தக்கவைக்காத ரகமாக இருந்தால், நல்லது அதற்கு ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பழுதுபார்ப்பவர் சொன்னதன் பின்னால் உள்ள கதை இதுதான்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். E பூஜ்ஜியமான கிளையும் திறந்த கிளையும் ஒன்றல்ல. 1 ஓம் லோடு மேலே எதையும் கூட்டாது, ஆனால் கீழே 1-ஐக் கூட்டும். "பேட்டரி இல்லையே" என்று அதைக் கீழேயும் விட்டுவிட்டால், லோடு ஓடும்போதும் 12.4 என்றே விடை வரும். திறந்த கிளைக்கு மட்டும்தான் கடத்துத்திறன் பூஜ்ஜியம்.

இன்னும் கனமான லோடு, அதாவது 0.5 ஓம் போட்டால்? கீழே 32, V = 372/32 = 11.625. நல்லது 19.5 ஆம்பியர், பழையது 3.75 ஆம்பியர், லோடு 23.25 ஆம்பியர். 19.5 + 3.75 = 23.25, கணக்கு நேராகிவிட்டது. இந்தக் கூட்டிப்பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். கூட்டிப்பார்க்கும் முன்பே இன்னொரு சோதனையும் உண்டு: சராசரி என்பதால், லோடின் பூஜ்ஜியத்தையும் சேர்த்துப் பார்த்தால், V எப்போதும் மிகச் சிறிய E-க்கும் மிகப் பெரிய E-க்கும் நடுவில்தான் விழும். 13 வோல்ட் என்று விடை வந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது.

குறி விஷயத்தில் கவனம் வேண்டும். மறுபடி 1 ஓம் லோடையே வைத்து, பழைய பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட்டால் அதன் E = −12. மேலே 252 − 120 = 132, V = 132/31, சுமார் 4.26 வோல்ட். நல்ல பேட்டரியின் மின்னோட்டம் (12.6 − 4.26)/0.05, சுமார் 167 ஆம்பியர். சிறிய பேட்டரியால் இதை வெகுநேரம் தர முடியாது, ஆனால் முனையில் பொறி பறக்க ஒரு நொடியே தாராளம். காகிதத்தில் மட்டும் செய்து பாருங்கள்.

அகமின்தடை எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கலாம். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பேட்டரியை அளக்கக் கூடாது, மீட்டர்தான் கெடும். லோடு இல்லாமல் ஒரு முறை, தெரிந்த லோடோடு ஒரு முறை மின்னழுத்தத்தை அளந்தால் போதும். 12.6 வோல்ட் காட்டியது 6 ஆம்பியர் எடுக்கும்போது 12.3-க்கு இறங்கினால், 0.3/6 = 0.05 ஓம். இணைப்புக் கம்பியின் தடையையும் அந்தந்தக் கிளையின் R-இல் சேர்த்துவிடுங்கள். இவ்வளவு சிறிய மதிப்புகளில் கம்பியும் கணக்கில் வரும்.

எல்லாக் கிளைகளும் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருந்தால் மட்டுமே இந்த ஒற்றை வரி செல்லும். ஒரு கிளையின் நடுவிலிருந்து இன்னொரு கிளையின் நடுவுக்கு ஒரு தடை ஓடினால், தெரியாத புள்ளிகள் கூடிவிடும், முழு முனைப் பகுப்பாய்வுக்குத்தான் போக வேண்டும். பேட்டரிகளுக்கு டையோடு போட்டிருந்தால், எது கடத்துகிறது என்று முதலில் ஊகித்து, கடத்தாத கிளையைத் திறந்ததாக எடுத்துக் கணக்கிடுங்கள். நம் சுற்றில் லோடை அணைத்தபோது பழையதற்கு வந்த −4 ஆம்பியர், நல்ல டையோடு இருந்தால் நின்றுபோகும். அப்போது மிஞ்சுவது ஒரே கிளை, லோடும் இல்லை. டையோடில் விழும் சிறு மின்னழுத்தத்தை விட்டுவிட்டால் V 12.6-லேயே நிற்கும்.