‘ஊரே சொல்லுது’ என்றால் எதை எண்ணுவது?

ஊரே ஒன்றைச் சொன்னால் தலையை எண்ணாதீர்கள், தானே பார்த்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பென்னாகரம் பக்கம் ஒரு போர்வெல் சித்திரையில் வற்றிவிடும் என்று பத்துப் பேர் சொன்னால் நம்பலாம், ஒவ்வொருவரும் காலிக் குடத்தோடு திரும்பியவர்கள். அதே பத்துப் பேர் "நல்ல தண்ணிதான், புளோரைடு இல்லை" என்றால் அந்தப் பேச்சுக்கு எடை குறைவு. புளோரைடுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியதா என்பது பரிசோதனையில்தான் தெரியும். ஆனால் பல வீட்டுப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை என்று ஊர் பேசினால், அது கண்ணால் கண்டது, புளோரைடு மிகுந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். உடனே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அவசரத்துக்கு இது ஆகாது. ஒகேனக்கல்லில் வெள்ளம் வருகிறது என்று நாலு பேர் கத்தினால், முதலில் கரையேறுங்கள்.