வேளச்சேரி கிளைக்குப் போட்ட பிட் நோட்டீஸ் வேலை செய்ததா? கடைவாரி விற்பனைக் கணக்கில் தவறும் இடங்கள்

சென்னையில் 24 கிளைகள் வைத்திருக்கும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையை எடுத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி விற்கிற கடை. ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்துக்கென்று தனியாக விளம்பரம் செய்கிறது: பேப்பருக்குள் வைக்கும் பிட் நோட்டீஸ், ஆட்டோ பின்னால் பேனர், லோக்கல் கேபிளில் ஓடும் வரி, பின்கோடு பார்த்துப் போனில் வரும் விளம்பரம். கடைவாரியாக, வாரவாரியாக விற்பனையும் விளம்பரச் செலவும் எக்செலில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு ரிக்ரெஷன் போட்டால் விடை வந்துவிடாதா?

வரும். அதுதான் சிக்கல். கணக்குக்கு எளிதான எண்களாகவே பார்க்கலாம். திருவொற்றியூர் கிளையின் வார விற்பனை 10 லட்சம், அம்பத்தூர் 20 லட்சம், வேளச்சேரி 40 லட்சம். தலைமை அலுவலகம் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவது எப்படி? பெரும்பாலும் விற்பனையில் இத்தனை சதவீதம் என்றுதான். 1% என்றால் முறையே 10 ஆயிரம், 20 ஆயிரம், 40 ஆயிரம். இந்த மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அச்சடித்தாற்போல் உட்காரும். கோட்டின் சரிவு 100. அதாவது, ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு 100 ரூபாய் விற்பனை!

நோட்டீஸை எல்லாம் கட்டுக்கட்டாகக் கூவத்தில் கொட்டியிருந்தாலும் இதே 100தான் வந்திருக்கும். 1 சதவீதத்தைத் தலைகீழாக்கினால் 100, அவ்வளவுதான். இந்த மாடல் அளந்தது விளம்பரத்தின் பலனை அல்ல, அக்கவுண்ட்ஸ் ஆட்கள் பணம் பிரித்த விதியை. இரண்டு பக்கமும் லாக் எடுத்துப் போட்டால் சரிவு 1க்குப் பக்கத்தில் வரும். அதற்கும் காரணம் இதே விதிதான். அதனால் மாடலைத் தொடுவதற்கு முன்னால், பட்ஜெட் போடுகிறவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த விதிப்படி பிரிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. நகரம் முழுவதற்கும் போட்ட பத்திரிகை விளம்பரச் செலவைக் கிளைகளின் விற்பனைப் பங்குப்படி பிரித்து இதே எக்செலில் ஏற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஏற்றியிருந்தால் அந்தத் தொகையை முதலில் வெளியே எடுக்க வேண்டும். விற்பனையை வைத்தே உண்டாக்கிய எண்ணைக் கொண்டு விற்பனையை விளக்க முடியாது.

சரி, பெரிய கடை சின்னக் கடை வித்தியாசத்தைக் கழித்துவிடலாம். ஒவ்வொரு கடையையும் அதே கடையின் வழக்கமான வாரத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். கூடவே ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பொது அளவு வைத்து, ஆடித் தள்ளுபடி, தீபாவளி போல எல்லாக் கடைக்கும் ஒன்றாக வரும் ஏற்றத்தையும் கழித்துவிட வேண்டும். R மொழியின் `fixest` தொகுப்பில் இது ஒரே வரி:

```
feols(log(sales) ~ ad + ad_next | store + week,
      data = d, cluster = ~store)
```

இதிலும் ஓட்டை உண்டு. தீபாவளிக் கூட்டம் எல்லாக் கிளைக்கும் ஒரே அளவில் வருவதில்லை. தி. நகரில் விற்பனை மும்மடங்கானால் திருவொற்றியூரில் ஒன்றரை மடங்கோடு நிற்கலாம். தி. நகர் கிளைக்கு அந்த வாரம் விளம்பரமும் அதிகம் கொடுத்திருந்தால், அந்தக் கூடுதல் கூட்டம் முழுவதும் விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும். போன வருடம் இதே வாரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் காலண்டர் காலை வாரும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. வருட வாரத்தை விட்டுவிட்டு, 'தீபாவளிக்கு இத்தனை வாரம் முன்' என்று எண்ணினால்தான் ஒப்பீடு பொருந்தும்.

மழையையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் நின்றது. அப்படிப்பட்ட வாரத்தில் கடையும் திறக்காது, நோட்டீஸும் போகாது. மாடலுக்கு வெள்ளம் தெரியாது. 'விளம்பரம் இல்லை, அதனால் விற்பனை இல்லை' என்றுதான் படிக்கும். அந்தக் கடை வாரங்களைக் கையால் தேடி நீக்க வேண்டும்.

மேலே உள்ள வரியில் `ad` என்பது அந்த வாரம் அந்தக் கடை செய்த விளம்பரச் செலவு, `ad_next` என்பது அடுத்த வாரத்துக்கு அது செய்யப்போகும் செலவு. அடுத்த வாரம் போகிற நோட்டீஸ், வாடிக்கையாளர் கைக்கு இன்னும் வராத நோட்டீஸ், இந்த வார விற்பனையைத் தூக்க வழியில்லை. ஆனாலும் அதன் எண் பெரிதாக வந்தால், விற்பனை சூடுபிடித்த கடைக்கு மேனேஜர் விளம்பரம் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று பொருள். அப்போது `ad` எண்ணையும் நம்ப முடியாது. எனக்குத் தெரிந்து இந்த வேலையில் இவ்வளவு மலிவான சோதனை வேறில்லை.

இதில் தோற்றால், செலவை நாமே மாற்றிப் பார்ப்பதுதான் வழி. சீட்டுக் குலுக்கி 12 கடைக்கு விளம்பரம் கொடுத்து, 12 கடைக்கு நிறுத்துவது. மேனேஜர்கள் முகம் சுளிப்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, எண்கள் தரும் ஏமாற்றம். வாரம் 20 லட்சம் விற்கும் அம்பத்தூரில் 20 ஆயிரம் செலவு. மொத்த லாபம் 20% என்றால், போட்ட பணம் திரும்பவே 1 லட்சம் கூடுதலாக விற்க வேண்டும். அது 5% ஏற்றம். ஆனால் எந்தக் காரணமும் இல்லாமலேயே ஒரு கடையின் விற்பனை வாரத்துக்கு வாரம் 10% மேலும் கீழும் ஆடும் என்று கொண்டால், ஒரு வார ஒப்பீட்டின் திட்டப்பிழையே 4 சதவீதத்துக்குச் சற்று மேல். எட்டு வாரம் ஓட்டினால் சுமார் 1.4 ஆகக் குறையும், அதன் இரு மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 3%, விடை கூடக்குறைய இருக்கும். விளம்பரத்துக்குப் பலனே இல்லையா, 5% தூக்கியதா என்று அப்போது ஓரளவு சொல்லலாம். 5 சதவீதமா 7.5 சதவீதமா என்று சொல்ல முடியாது. முதலாளிக்கு வேண்டியதோ அதுதான், ஏனென்றால் முன்னது வரவுக்கும் செலவுக்கும் சரி, பின்னது போட்ட பணத்துக்கு மேல் பாதி லாபம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு, அதாவது 32 வாரம் ஆகும். அதற்குள் ஆடியும் தீபாவளியும் வந்து, எந்த மேனேஜரும் நோட்டீஸை நிறுத்தச் சம்மதிக்க மாட்டார்.

குலுக்கிப் போட்டாலும் தீராத ஒன்று, கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. வேளச்சேரி நோட்டீஸைப் பார்த்தவர் தாம்பரம் கிளைக்குப் போகாமல் வேளச்சேரிக்கு வந்து 1 லட்சத்துக்கு வாங்கினால், ஒரு பக்கம் 1 லட்சம் கூடும், மறுபக்கம் 1 லட்சம் குறையும். இரண்டு கடையையும் ஒப்பிடும் மாடலுக்கு அது 2 லட்சம் வித்தியாசமாகத் தெரியும். நிறுவனத்தின் கல்லாவில் கூடியது பூஜ்யம். எதிர்த்திசையிலும் நடக்கும்: நோட்டீஸ் வேளச்சேரியில் வாங்கினவர், 'மாடல் நிறைய இருக்கும்' என்று தி. நகருக்கு பஸ் ஏறிவிடுவார். ஃபிரிட்ஜ் விற்கிற கடைக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பில்லில் டெலிவரி முகவரி இருக்கும். விற்பனையை எந்தக் கிளையில் பில் போட்டார்கள் என்று பிரிக்காமல், பொருள் எந்தப் பின்கோடுக்குப் போனது என்று பிரித்து, விளம்பரத்தையும் பின்கோடுவாரியாகவே குலுக்கினால் இந்த இடமாற்றம் பெருமளவு அடங்கிவிடும். மிக்ஸியைக் கையோடு தூக்கிப் போகிறவர்கள் மட்டும் கணக்கில் சிக்க மாட்டார்கள்.

நகரம் முழுக்கப் போகும் பத்திரிகை முதல் பக்கத்தையும் எஃப்எம் விளம்பரத்தையும் பற்றி இந்த மாடலிடம் கேட்கவே கூடாது. அவை எல்லாக் கடையையும் ஒரே வாரத்தில் தொடுவதால், வாரத்துக்கென்று வைத்த அந்தப் பொது அளவு அவற்றை முழுதாக விழுங்கிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் 'பேப்பர் விளம்பரத்துக்குப் பலன் இல்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதினவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தெரிய வேண்டுமென்றால் கோவை, மதுரை போலத் தனிப் பதிப்பு வருகிற ஊர்களிலும் கிளைகள் இருக்க வேண்டும், அங்கே வேறு வாரங்களில் விளம்பரம் போயிருக்கவும் வேண்டும்.