பழைய வீட்டைச் சுற்றிக் காட்ட ஸ்லாட் அட்டவணை போடுவது எப்படி?

ஒரு பழைய மாளிகையையோ அரண்மனையையோ கைடு கூட்டிப்போய்க் காட்டும் இடமாக நடத்த வேண்டுமென்றால், முதலில் கிடைக்க வேண்டிய விடைகள் மூன்று. ஒரு குழுவில் எத்தனை பேர்? எத்தனை நிமிடத்துக்கு ஒரு குழு? எந்த நேரத்தில் எந்த மொழி? இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை, அதனால் இதே வரிசையில்தான் போக வேண்டும். உதாரணத்துக்கு இரண்டு மாடி உள்ள ஒரு செட்டிநாட்டு வீட்டை வைத்துக்கொண்டு, கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கூகுள் ஷீட்ஸ் தெரிந்தால் போதும்.

1. குழுவின் அளவைச் சின்ன அறைதான் சொல்லும்

வீட்டின் நடுவில் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் நூறு பேர் நிற்கலாம். ஆனால் குழு ஒவ்வொரு அறைக்குள்ளும் போகிறது. அதனால் வழியில் இருக்கும் மிகச் சிறிய அறையை அளந்துகொள்ளுங்கள். நம் உதாரண வீட்டில் அது 14 அடிக்கு 10 அடி, அதாவது 140 சதுர அடி. நின்று கேட்க, திரும்பிப் பார்க்க ஒருவருக்குப் பத்து சதுர அடி என்று வைத்தால் 14 பேர். கைடு ஒருவர், கண்காணிக்கும் ஆள் ஒருவர் போக, மிச்சம் 12. டிக்கெட் வரம்பு அதுதான். காகிதத்தில் வந்த எண்ணை அப்படியே நம்பிவிடாமல், தெரிந்தவர்கள் 12 பேரை அந்த அறையில் நிற்க வைத்துப் பாருங்கள். கடைசியில் நிற்பவருக்குக் கைடு பேசுவது கேட்கவில்லை என்றாலோ, யாருடைய தோளாவது சுவர்ப் பூச்சில் உரசினாலோ, பத்தாகக் குறைத்துவிடுங்கள்.

சில இடங்களில் வரம்பை வைப்பது இடநெருக்கடி அல்ல, மூச்சு. மால்டாவில் ஹால் சாஃப்லியேனி ஹைப்போஜியம் என்று பாறையைக் குடைந்து செய்த நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. அங்கே மணிக்குப் பத்துப் பேர், நாளைக்கு 80 பேர்தான். மனிதர்கள் விடும் மூச்சின் கரியமில வாயுவும் ஈரமும் சுண்ணாம்புப் பாறையில் இருக்கும் காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் வைத்த வரம்பு அது. உங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத அறையில் பழைய ஓவியம் இருந்தால், அங்கே சதுர அடிக் கணக்கு போதாது. அந்த அறையை வாசலில் நின்று காட்டுவதோடு விட்டுவிடலாம்.

2. இரண்டு குழுக்களுக்கு இடையே எவ்வளவு நேரம்?

முழுச் சுற்று 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் குழு அதிக நேரம் நிற்கும் இடம் வளவு, பத்து நிமிடம். பின்னால் வரும் குழு அங்கே இடிக்கக் கூடாதென்றால், நகர்ந்து போகும் நேரத்தையும் சேர்த்து இடைவெளி குறைந்தது 15 நிமிடம் வேண்டும்.

இதற்கு மேல் கைடுகளின் கணக்கு இருக்கிறது. 45 நிமிடம் பேசியவருக்குத் தண்ணீர் குடிக்க, மூச்சு வாங்க 15 நிமிடம் கொடுத்தால், ஒரு கைடு மணிக்கு ஒரு முறைதான் கிளம்ப முடியும். கைடுகள் மூன்று பேர் என்றால் மணிக்கு மூன்று குழு, அதாவது 20 நிமிடத்துக்கு ஒன்று. வீடு 15 நிமிடத்தைத் தாங்கினாலும், ஆட்கள் தாங்குவது 20தான். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குழு 9 மணிக்குக் கிளம்பினால், 9:40 முதல் 9:45 வரை மூன்று குழுவும் உள்ளே இருக்கும், பார்வையாளர்கள் மட்டும் 36 பேர். மாடிப்படியும் பின்வாசலும் அதற்குப் போதுமா என்று பார்த்துவிடுங்கள்.

3. மொழியை நேரத்தோடு கட்டுங்கள்

ஒரு ஸ்லாட்டுக்கு, அதாவது ஒரு குழு கிளம்பும் நேரத்துக்கு, ஒரே மொழி. பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்கு ஆங்கிலம் என்று ஒரே குழுவில் கலந்தால், கைடு எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டிவரும். 45 நிமிடம் 70ஐத் தாண்டும், பின்னால் வரும் குழு வந்து முட்டும். அன்றைய அட்டவணை முழுக்கச் சரிந்துவிடும்.

செட்டிநாட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். நம் மூன்று கைடுகளில் ஒருவருக்குத் தமிழ், இன்னொருவருக்குத் தமிழும் ஆங்கிலமும், மூன்றாமவருக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரியும் என்றால், எல்லா மணிநேரத்துக்கும் இப்படி வைக்கலாம்: மணி அடிக்கும்போது தமிழ், 20க்கு ஆங்கிலம், 40க்குப் பிரெஞ்சு. ஒரே நிமிடத்தில் ஒரே மொழி என்றால் தொலைபேசியில் சொல்வதும் சுலபம், கேட்பவருக்கும் மனதில் நிற்கும். எல்லா மொழிக்கும் ஆள் கிடைக்காது. ஜெர்மனியின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில்கூடக் கைடு பேசுவது ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும்தான், மற்ற மொழிக்காரர்களுக்கு ஒலிக்கருவி கொடுக்கிறார்கள்.

4. ஷீட்டில் இரண்டு தாள்

முதல் தாளுக்கு `slots` என்று பெயர் வையுங்கள். A முதல் G வரை: அடையாள எண், தேதி, நேரம், மொழி, வரம்பு, விற்றது, மிச்சம். அடையாள எண்ணை `0614-1020-EN` என்ற மாதிரி தேதி, நேரம், மொழி மூன்றும் தெரியும்படி எழுதுங்கள். இரண்டாவது தாள் `bookings`. அதில் A பெயர், B ஸ்லாட்டின் அடையாள எண், C எத்தனை பேர், D நிலை. பதிவு உறுதியானால் நிலையில் `OK` என்று போடுங்கள்.

`slots` தாளில் F2, G2 இரண்டிலும் முறையே:

```
=SUMIFS(bookings!C:C, bookings!B:B, A2, bookings!D:D, "OK")
=E2-F2
```

புதிதாகச் செய்பவர்கள் பலரும் இங்கே `COUNTIFS` போட்டுவிடுவார்கள். அது வரிகளை எண்ணும், ஆட்களை எண்ணாது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு வரியாக இருப்பதால் ஒன்று என்றே கணக்கில் ஏறும். ஷீட்டில் இடம் மிச்சம் என்று காட்டும், வாசலில் இருபது பேர் நிற்பார்கள். குழந்தைகளையும் ஆளாகவே எண்ணுங்கள், அறையில் அவர்களுக்கும் இடம் வேண்டும். யாராவது ரத்து செய்தால் வரியை அழிக்காமல், நிலையில் `CANCEL` என்று மாற்றுங்கள். இடம் தானாகத் திரும்பிவிடும், யார் ரத்து செய்தார் என்பதும் தாளில் இருக்கும்.

5. ஒரு பதிவைப் போட்டுப் பார்ப்போம்

12 இடத்தில் 8ஐத் தொலைபேசிக்கும், 4ஐ வாசலுக்கும் பிரித்துவிடுங்கள். தொலைபேசிக்காரர் ஒரு இடத்தை விற்கும் அதே நொடியில் வாசல்காரர் அதையே விற்றுவிடும் தொல்லை இதோடு தீரும். அதற்கு E பத்தியில் 12க்குப் பதில் 8 என்று போட்டு, வாசல் டிக்கெட்டைத் தனி நோட்டில் கிழித்துக் கொடுத்தால் போதும்.

10:20 ஆங்கில ஸ்லாட்டில் ஐந்து பேர் பதிந்திருக்கிறார்கள், மிச்சம் 3. நான்கு பேர் குடும்பம் ஒன்று அழைக்கிறது. மூன்று பேரை இதிலும் ஒருவரை அடுத்ததிலும் போடாதீர்கள். வாசல் பங்கிலும் கை வைக்காதீர்கள். "11:20க்கு ஆங்கிலத்திலேயே இடம் இருக்கு, வர்றீங்களா?" என்று கேளுங்கள். அதே மொழி, வேறு நேரம் என்பதுதான் முதல் மாற்று. 10:40க்குத் தள்ளினால் புரியாத பிரெஞ்சில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

6. மொழியை மாற்ற நேர்ந்தால்

முந்தின நாள் மாலை ஆறு மணிவரை பிரெஞ்சு ஸ்லாட்டில் ஒருவரும் பதியவில்லை என்றால், அதை ஆங்கிலத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் D பத்தியில் மொழியை மட்டும் திருத்தினால், எண்ணில் ஒரு மொழியும் பத்தியில் வேறு மொழியும் நிற்கும். பழைய வரியின் வரம்பை 0 ஆக்கிவிட்டு, `EN` என்று முடியும் புது வரி சேருங்கள். ஆள் பதிந்த பிறகு கைடு லீவு போட்டால், பதிந்த ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லியே ஆக வேண்டும். வேறு நாள், அல்லது ஆங்கிலக் குழுவோடு கையில் பிரெஞ்சுக் குறிப்புத்தாள், இரண்டில் எது வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

7. முதல் வாரம் கடிகாரத்தைக் குறியுங்கள்

ஒவ்வொரு குழுவும் நிஜமாகக் கிளம்பிய நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் வாசலில் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தாமதமாக வருபவருக்காகக் குழுவை நிறுத்தாமல், அவரை அதே மொழியின் அடுத்த ஸ்லாட்டில், இடமிருந்தால், சேர்த்துவிடுங்கள். ஒரு மொழிக் குழு மட்டும் தொடர்ந்து 50 நிமிடத்துக்கு மேல் எடுத்தால், அந்தக் கைடோடு நீங்களும் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். எந்த அறையில் பேச்சு நீள்கிறது என்பது தெரிந்துவிடும். எல்லாக் குழுவும் ஒரே அறையில் தாமதமானால், அந்தப் பேச்சில் பாதியை முகப்பிலேயே சொல்லி முடித்துவிட்டு உள்ளே கூட்டிப்போகச் சொல்லுங்கள். அதற்கும் சரிப்படவில்லை என்றால் 20 நிமிட இடைவெளியை 25 ஆக்குங்கள். அப்போது மொழிகளின் நிமிடமும் மாறும் என்பதால், ஏற்கெனவே விற்ற தேதிகளை விட்டுவிட்டு, விற்காத தேதியிலிருந்து தொடங்குங்கள்.