ரிவியில் ஓரம் வெட்டுப்படுகிறதா? முதலில் கணினியில் கை வைக்காதேங்கோ

கொக்குவில் பக்கத்து ரியூட்டரி ஒன்று. 43 அங்குல ரிவியில் மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரால் கொழுவி, கணக்கியல் ஆசிரியர் எக்செல் தாளைத் திறக்கிறார். இடது ஓரத்தில் வரிசை எண்களைக் காணவில்லை. ரஸ்க்பாரில் பாதி மறைந்துவிட்டது. மூடுகிற பெருக்கல் குறி மேல் மூலையில் ஒளிந்துகொண்டது. வயர் சரியாகக் கொழுவவில்லையோ, ரெசொலூசன் 1920×1080 தானோ என்பதை எவரும் முதலே பார்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு செய்வதுதான் பிழை.

கணினியில் படத்தைச் சுருக்குவது

ஏஎம்டி மென்பொருளில் Display பகுதியில் HDMI Scaling என்று ஒரு இழுவைக்கோடு உண்டு. 0 இலிருந்து 15 சதவீதம் வரை படத்தைச் சுருக்கலாம். அதை இழுத்ததும் நான்கு ஓரமும் திரைக்குள் வந்துவிடும். வேலை முடிந்தது என்று எழும்பிப் போய்விடுவார்கள். முடியவில்லை.

ஓரத்தை வெட்டுவது ரிவி. பழைய குழாய் ரிவிகளில் படத்தின் விளிம்பு நேராக நிற்காது. அதனால் படத்தைக் கொஞ்சம் பெருப்பித்து, விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். ஒளிபரப்புகிறவர்களும் எழுத்துகளை ஓரத்திலிருந்து தள்ளியே வைத்தார்கள். இன்றைய தட்டை ரிவிக்கு அது தேவையில்லை, ஆனால் பழக்கம் போகவில்லை. கணினி அனுப்பும் 1080p சமிக்ஞை ஒளிபரப்புச் சமிக்ஞையைப் போலவே இருப்பதால், அதையும் ரிவி பெருப்பித்து வெட்டுகிறது. இதுதான் ஓவர்ஸ்கான்.

ரிவி 5 சதவீதம் வெட்டுகிறது என்று வையுங்கள். இடத்திலும் வலத்திலும் 48 புள்ளிகள் வீதமும், மேலும் கீழும் 27 புள்ளிகள் வீதமும் போய்விடும். விண்டோஸ் 10 இன் ரஸ்க்பார் 40 புள்ளி உயரம், அதில் 13 தான் மிஞ்சும். இப்போது கணினியில் 5 சதவீதம் சுருக்கினால், 1920×1080 ஆக வரைந்த படம் 1824×1026 ஆக நசுங்கி, சுற்றிவரக் கறுப்புச் சட்டத்துடன் போகிறது. ரிவி அந்தக் கறுப்பை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப 1920×1080 ஆக இழுக்கிறது. ஒரே படம் ஒருமுறை நசுங்கி ஒருமுறை இழுபடுகிறது. ஒரு புள்ளி அகலமான எக்செல் கோடுகளில் சில தடித்துச் சாம்பலாகும், சில மங்கிப்போகும். சிறிய எழுத்தில் ன எது, ண எது என்று பின் வாங்கில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது. "ரிவி தரமில்லை" என்ற பழிதான் மிஞ்சும்.

இன்னொன்று. பிறகு யாராவது ரிவியைச் சரியாகத் திருத்தினால், கணினியின் கறுப்புச் சட்டம் நான்கு பக்கமும் வெளியே தெரியும். திருத்தியவருக்குத்தான் பேச்சு விழும்.

சரியான இடம் றிமோட்

முதலில் கணினியின் சுருக்கத்தை 0 ஆக்குங்கள். பிறகு ரிவியின் படப் பட்டியலில் அளவு பற்றிய பகுதிக்குப் போங்கள். எல்ஜியில் Just Scan, சாம்சுங்கில் Fit to Screen அல்லது Screen Fit, சோனியில் Display Area என்பதன் கீழ் Full Pixel. 16:9 என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்; பல ரிவிகளில் அது வெட்டுகிற தெரிவு. அப்படி ஒன்றும் அகப்படாவிட்டால், உள்ளீட்டின் பெயரை அல்லது வகையை PC என்று மாற்றிப் பாருங்கள். பல ரிவிகள் அதோடு வெட்டுவதை விட்டுவிடும்.

சரிவந்ததா என்று அறிய, விண்டோஸின் Scale ஐ 100% இல் வைத்து, பெயின்ரில் ஒரு புள்ளி அகலக் கறுப்புக் கோடுகளை ஒரு புள்ளி இடைவெளி விட்டு நெருக்கமாக வரையுங்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் தனித்தனியே தெரிய வேண்டும். அலை அலையாகச் சாம்பல் பட்டை தெரிந்தால், எங்கேயோ இன்னும் இழுபடுகிறது.

வயரை மாற்றுவது

வீண் காசு. பழுதான எச்டிஎம்ஐ வயர் படத்தைப் பொரியவைக்கும், அணைத்து அணைத்துப் போடும். ஓரத்தை அளந்து வெட்டாது.

மற்ற எச்டிஎம்ஐ ஓட்டையில் கொழுவுவது

பல ரிவிகளில் ஒவ்வொரு ஓட்டைக்கும் அமைப்பு வேறு. மாற்றினால் திரும்பவும் செய்ய வேண்டும்.

32 அங்குல ரிவியில் கூர்மையை எதிர்பார்ப்பது

எச்டி ரெடி என்று விற்ற பல 32 அங்குல ரிவிகளின் திரை 1366×768 புள்ளிதான். எச்டிஎம்ஐ வழியாக 720p அல்லது 1080p வாங்கி, அதைத் தன் அளவுக்கு மாற்றியே காட்டும். வெட்டுவதை நிறுத்தலாம், புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது. விஜிஏ ஓட்டை இருந்தால் 1360×768 கொடுத்துப் பாருங்கள், எழுத்து தெளியக்கூடும்.

ரிவியில் தெரிவே இல்லை என்றால்

அப்போது மட்டும் கணினிப் பக்கம் வாருங்கள். என்விடியா இருந்தால் Adjust desktop size and position பக்கத்தில் உள்ள அளவு மாற்றும் வசதி நல்லது. அது வரைந்த படத்தை நசுக்காமல் டெஸ்க்ரொப்பையே 1824×1026 போன்ற சிறிய அளவில் அமைக்கிறது. இழுபடுவது ரிவியில் ஒரு தடவைதான்.