பணிக்கொடையை எப்படிப் பிரித்து வைப்பது: ஒரு தோட்டக் குடும்பத்தின் கணக்கோடு

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 35 வருடம் கொழுந்து பறித்த என் அம்மா ஓய்வு பெற்றபோது, அவருடைய சேவைக்காலப் பணத்தை என்ன செய்வது என்று வீட்டில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்போது நாங்கள் போட்ட கணக்கை, அதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். வங்கிக் கணக்கு திறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதை வங்கியிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

படி 1: தொகை சரியா என்று பாருங்கள்

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட்சம்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு முழுமையாக முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். இரண்டிலும் கடைசியாகப் பெற்ற சம்பளமே கணக்கில் எடுக்கப்படும். அம்மாவின் கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதை 14ஆல் பெருக்கினால் 18,900. 35 வருடத்துக்கு 661,500 ரூபாய். சேவை முடிந்து 30 நாட்களுக்குள் இது கையில் வர வேண்டும். தாமதமானால் மேலதிகத் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியது தொழில்தருநரின் கடமை. ஊழியர் சேமலாப நிதி இதிலிருந்து வேறானது, அதையும் இதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்காதீர்கள்.

படி 2: அவசரமில்லாமல் நிறுத்தி வையுங்கள்

பணம் வந்த வாரத்தில் யாரும் எதற்கும் சம்மதம் சொல்ல வேண்டாம். மூன்று மாத நிலையான வைப்பில் போட்டுவிட்டால், கேட்டு வருகிறவர்களுக்கு “வைப்பு முடியட்டும்” என்று சொல்வது எளிதாகிறது. என் விருப்பம் அரச வங்கிதான். தேசிய சேமிப்பு வங்கியில் வைக்கும் பணத்துக்கு வட்டியோடு சேர்த்து அரசாங்கம் முழு உத்தரவாதம் தருகிறது. மற்ற அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபாய் வரை காப்பு உண்டு. மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் அதிக வட்டி சொல்கிறவர்களை இந்தக் கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை.

படி 3: ஒரே யோசனை பல பெயரில் வருகிறதா என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். தம்பி ஆட்டோ வாங்க வேண்டும் என்றான். சித்தப்பா, தோட்டத்துச் சந்தியில் சிறு மளிகைக் கடை போடலாம் என்றார். இரண்டிலும் பாதிப் பாதியாகப் போட்டால் பணம் ஒரே இடத்தில் இருக்காது என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஆட்டோவில் ஏறுகிறவர்களும் கடையில் கொப்பியில் எழுதி வாங்குகிறவர்களும் அதே தோட்டத்துத் தொழிலாளர்கள்தாம். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபின் கொழுந்து குறைந்தது, வேலை நாட்களும் குறைந்தன. அடுத்த வருடம் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை. அப்படியொரு காலம் திரும்பினால் ஆட்டோவும் ஓடாது, கடைக் கொப்பியில் கடனும் திரும்பாது. ஆகவே பெயர் இரண்டாக இருந்தாலும், வருமானம் வரும் இடம் ஒன்றாக இருந்தால் அதை ஒரே யோசனையாகக் கணக்கிடுங்கள்.

இன்னொரு வழியிலும் முழுப் பணமும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஆட்டோவுக்கு லீசிங் எடுக்கும்போது, நிலையான வைப்பை ஈடாக வைக்கவோ அம்மாவைப் பிணையாளராகக் கையெழுத்திடவோ கேட்பார்கள். கையிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லையே என்று தோன்றும். தவணை நின்றால் அந்த வைப்பிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். ஆதலால் தம்பிக்குக் கொடுக்கும் தொகைக்கு மேல் பிணையும் கிடையாது, ஈடும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். இதைச் சொல்வது வீட்டில் கடினம். அதனால் பணம் வந்த பிறகு சொல்வதைவிட, வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

படி 4: பிரிக்கும் வரிசை

எங்கள் கணக்கு இவ்வாறு அமைந்தது. அடகு வைத்த சங்கிலியையும் தோடுகளையும் மீட்டு, கடைக்கடனையும் அடைத்ததில் 91,500 ரூபாய் போயிற்று. அடகு வட்டி வைப்பு வட்டியைவிடக் கூடுதலாக இருக்கும்வரை, இதைவிட லாபமான முதலீடு கிடையாது. மீட்ட நகை வீட்டில் இருப்பதும் ஒரு பாதுகாப்பே: 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியதால் வங்கியிலிருந்த பணத்தின் வாங்கும் சக்தி கரைந்தது. முழுவதும் வைப்பில் போடுவதும் ஒரே யோசனையில் பணயம் வைப்பதுதான் என்று நான் சொல்வது அதனால்தான்.

மிஞ்சிய 570,000இல், மாதம் 15,000 ரூபாய் வீட்டுச் செலவில் குறைகிறது என்ற கணக்கில், எட்டு மாதத்துக்கு 120,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் விட்டோம். ஏடிஎம் அட்டையை அம்மாவே வைத்துக்கொண்டார். பிறகு 300,000 ரூபாயை நூறாயிரம் வீதம் மூன்று நிலையான வைப்புகளாக, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களுக்குப் போட்டோம். ஒரே வைப்பாகப் போட்டால், இடையில் 40,000 தேவைப்பட்டாலும் முழு வைப்பையும் முறிக்க நேரிடும், வட்டியும் குறையும். 2023 தொடக்கத்தில் 20 சதவீதத்துக்கு மேலிருந்த வட்டி பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதைப் பார்த்தோம். மூன்றாகப் பிரித்திருந்தால் புதுப்பிக்கும் நாள் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் வராது. 8 சதவீதம் என்று வைத்தால் 300,000க்கு வருடம் 24,000, அதாவது மாதம் 2,000 ரூபாய்தான் வரும். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் வரி எல்லைக்குக் கீழிருப்பவர்கள் வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க, வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

படி 5: யோசனைக்கு ஒரு எல்லை, ஒரு சோதனை

மிகுதி 150,000 ரூபாய். இது முழுவதும் போனாலும் அடுப்பு எரிவதில் மாற்றமில்லை என்று அம்மாவே சரிபார்த்த பிறகுதான் இதைத் தம்பியின் பங்கு என்று ஒதுக்கினோம். அதையும் உடனே கொடுக்கவில்லை. ஆறு மாதம் நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டி, ஒவ்வொரு நாளும் வரவு, பெற்றோல், பழுது ஆகியவற்றைக் கொப்பியில் எழுதச் சொன்னோம். அந்த ஆறு மாதத்தில் ஜூன் மழையும் ஆகஸ்ட் விடுமுறையும் சேர்ந்திருக்க வேண்டும். ஏனெனில் மலைநாட்டில் ஆட்டோக்காரரின் நிலையான வருமானம் பள்ளிப் பிள்ளைகள்தாம். நாள் வாடகையைக் கழிக்காமல் பார்த்தபோது, நல்ல மாதங்களில் 45,000க்கு மேல் மிஞ்சியது, ஆகஸ்டில் 24,000. லீசிங் தவணையோ 32,000. சராசரியைப் பார்த்திருந்தால் ‘எடுக்கலாம்’ என்றிருப்போம். தவணை சராசரி மாதத்துக்கு வருவதில்லை, ஆகஸ்டிலும் வரும். தம்பி இப்போது பழைய வண்டியொன்றைத் தேடுகிறான், தவணை 20,000க்கு மேல் போகாத அளவில்.

பின்சேர்ப்பு: லயத்து அறையைப் பின்னால் நீட்டிக் கட்டச் செலவிடலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். காணி உறுதி உங்கள் பெயரில் இல்லாத இடத்தில் கட்டியதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, எனவே அதை முதலீடாக அல்லாமல் செலவாக எழுதுங்கள். உறுதி இருந்தாலும் சரிவான நிலத்தில் அத்திவாரம் போடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.